எல்லா மோட்டாருக்கும் ஒரே நிரல்

ஆலையிலுள்ள ஒவ்வொரு மோட்டாருக்கும் பி.எல்.சி.யில் தனித்தனியே நிரல் எழுதத் தேவையில்லை. கட்டளை, ஓவர்லோடு ரிலே, கான்டாக்டரின் பதில் சமிக்ஞை, பழுதுக் குறி ஆகியவற்றை `UDT_Motor` என்ற தரவு வகையில் தொகுத்து, இயக்க விதிகளை `FB_Motor` என்ற ஃபங்ஷன் பிளாக்கில் ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு மோட்டாருக்கும் அந்த பிளாக் தனி நினைவகத்துடன் அழைக்கப்படும்.

கட்டளை தந்து 2 விநாடிக்குள் கான்டாக்டரின் துணைத் தொடர்பு மூடாவிட்டால், பிளாக் கட்டளையை விலக்கிப் பழுதைப் பதிவு செய்யும். ரீசெட் செய்யும்வரை மோட்டார் ஓடாது. சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு இந்த நேரம் போதாதென்றால், அந்த மோட்டாரின் நேர அளவை மட்டும் கூட்டலாம். அதற்காக பிளாக்கையே நகலெடுத்துத் திருத்துவதுதான் பெரிய தவறு. பிறகு மூலத்தில் செய்யும் திருத்தம் அந்த நகலுக்குப் போய்ச் சேராது.

தரவு வகையில் புதிய உறுப்பைச் சேர்த்து இறக்கும்போது, பல பி.எல்.சி.களில் சேமித்த மதிப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். ஓடும் மோட்டார்கள் நின்றுவிடலாம். ஆகவே அத்தகைய மாற்றத்தை ஆலை நிறுத்தப்பட்டிருக்கும் நாளில்தான் செய்ய வேண்டும்.