பேசுபவர் சாலையைப் பார்த்து அமரட்டும்

சிங்கப்பூரில் முதியோரின் நினைவுகளை அவர்தம் குரலிலேயே பதிந்து பேணும் பணி, 1979-ஆம் ஆண்டில் ஆவணக் காப்பகத்தின் ஓர் அங்கமாக வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தோன்றிய காலந்தொட்டு முறையாக நடந்து வருகிறது. இப்போது பல குடும்பங்களும் தமிழ் மன்றங்களும் தம் பெரியவர்களின் பேச்சைத் தாமே பதிவுசெய்யத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சாத்திய அறைக்குள் நடக்கும் சம்பாஷணை ஒன்று. லிட்டில் இந்தியாவில் தொழில் செய்யும் ஒருவரை அவருடைய கடைவாசலிலேயே பேச வைப்பது முற்றிலும் வேறொன்று. பின்னதில் பத்து நிமிஷ அஜாக்கிரதைக்கு, பிறகு கணினி முன் பல மணி நேரம் அமர்ந்து பிராயச்சித்தம் தேட நேர்கிறது.

பஃபலோ சாலையில் ஐந்தடி நடைபாதையை ஒட்டிப் பூமாலை கட்டும் பெரியவர் ஒருவரைப் பேட்டி காண்பதாக வைத்துக்கொள்வோம். அநேகர் முதலில் செய்வது, பின்னணியில் தெருவின் கோலாகலம் தெரிய வேண்டுமென்ற ஆசையால், பெரியவரைச் சாலைக்கு முதுகு காட்டி அமர்த்துவதுதான். புகைப்படத்துக்கு அது அழகு. ஒலிக்கோ அதுவே கேடு. பேட்டிக்கு வழக்கமாகப் பயன்படும், ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக், தன் முன்னால் உள்ளதை முழுவதும் வாங்கி, தன் முதுகுப்புறத்துச் சப்தத்தைப் பெருமளவு புறக்கணிக்கும் இயல்புடையது. அதனைப் பெரியவரின் வாயை நோக்கித் திருப்பும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் மைக்கின் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. ஆகவே பெரியவர் சாலையைப் பார்த்து அமர வேண்டும். கேள்வி கேட்பவரும் மைக்கும் சாலைக்கு முதுகு காட்ட வேண்டும். அப்பொழுது பேருந்தின் உறுமல் மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் விழும். இதில் ஒரு நிபந்தனை உண்டு: பெரியவருக்குப் பின்னால் வெறுஞ்சுவரோ கண்ணாடிக் கதவோ இருந்தால் தெருவின் ஓசை அதில் மோதித் திரும்பி மைக்கின் முன்புறமாகவே நுழைந்துவிடும். தொங்கும் மாலைகளும் அடுக்கிய சாக்குகளும் பின்னால் இருக்குமாயின் மிகவும் உத்தமம். பக்கத்துப் புடவைக் கடைக்காரர் இடம் கொடுப்பாரானால், துணி அடுக்குகளுக்கு முன் அமர்வதைவிடச் சிறந்த ஸ்தானம் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

திசைக்கு அடுத்தது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடைப்பட்ட தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்கிறது. சுற்றுப்புறச் சப்தமோ இருந்த அளவிலேயே நிற்கிறது. மேஜையின் நடுவில், 80 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்த மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால், குரலுக்கும் தெருவுக்கும் உள்ள வித்தியாசம் 12 டெசிபெல் கூடுகிறது. இவ்வளவு லாபத்தைக் கேடில்லாமல் தரும் மென்பொருளை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் மைக் வாய்க்கு நேர் எதிரே இராமல் சற்றே பக்கவாட்டில் இருக்கவேண்டும். இல்லையேல் மூச்சுக்காற்று அதில் மோதி, ‘பொத்’தென்ற ஓசைகளாகப் பதியும். பெரியவர் பேசிக்கொண்டே மாலை கட்டுகிறவர் என்பதால் தலை குனிந்தே இருக்கும். குரலும் கீழ்நோக்கியே செல்லும். எனவே மைக்கை அவர் மோவாய்க்குக் கீழே, மார்பளவு உயரத்தில் ஒரு சிறு தாங்கியில் நிறுத்தி மேல்நோக்கிச் சாய்ப்பதே பொருந்தும். சட்டையில் குத்தும் சிறு மைக் இத்தகைய வேலைக்காரருக்கு ஒத்துவராது; நார் இழுக்கும் ஒவ்வொரு அசைவிலும் துணி உரசும். பேசுபவர் பெண்மணியாயின், தாலிச் சங்கிலியும் கண்ணாடி வளையல்களும் அதற்கு மேலும் உபத்திரவம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, இடைவிடாத இரைச்சலைவிட மாறிக்கொண்டேயிருக்கும் ஓசையே தொகுப்பவருக்குப் பெரும் சத்துரு என்பதை. ஒரே கதியில் சுழலும் காற்றாடியின் இரைச்சல் பேச்சுக்கடியில் கிடந்தால், இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டினாலும் ஒட்டு தெரியாது. அதே காற்றாடி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுமானால் ஒலி ஏறி இறங்கும். வெட்டிய இடமெல்லாம் காட்டிக் கொடுக்கும். நம் ஊர் வெக்கையில் முதியவரின் காற்றாடியை நிறுத்துவது நியாயமன்று.

“ஐயா, இது ஆடாம, ஒரே பக்கமா நிக்கட்டுமா?” என்று கேட்டால், “வைங்க தம்பி, காத்து வந்தாச் சரி” என்பார்.

காற்று மைக்கின்மேல் நேராகப் படாமலும் தலை ஆடாமலும் இருந்தால் போதுமானது. பூ வைக்கும் குளிர்பெட்டியோ இன்னும் வஞ்சகமானது. பேட்டி தொடங்கும்போது மௌனமாக இருந்து, சுவாரசியமான இடத்தில் திடீரென்று உறுமத் தொடங்கும். அரை மணி நேரம் அணைத்து வைக்கக் கடைக்காரர் சம்மதித்தால், உங்கள் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மீண்டும் இயக்க மறந்து போகாதிருக்கப் படப்பிடிப்புக்காரர்கள் கையாளும் தந்திரம் இது.

எல்லாவற்றிலும் கொடியது அடுத்த கடைச் சினிமாப் பாட்டு. பேச்சில் ஒரு சொல்லை நீக்கினால் தாளமும் அங்கே துள்ளிவிடும். அதற்குப் பரிகாரம் கிடையாது; பாட்டை நிறுத்தச் சொல்லிப் பணிவாகக் கேட்பது, அல்லது கடைகள் திறக்குமுன் வருவது, இவ்விரண்டே வழி. விடியற்காலையில் நம் அடுக்குமாடிகளைத் துயிலெழுப்பும் குயிலும் அத்தகையதே. அதன் கூவல் மனிதப் பேச்சின் ஒலி எல்லைக்குள்ளேயே அமைவதால் வடிகட்டி எடுக்க முடிவதில்லை.

கருவியின் அமைப்புகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கோப்பு WAV வகையாகவும், 48 kHz, 24-bit என்ற அளவிலும் இருக்கட்டும். இரண்டு தடங்களானால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும் வடிகட்டி பேருந்தின் அடித்தொனியைத் தணிக்கும். குரலின் உச்சங்கள் -12 அருகே நிற்குமாறு அளவைத் திருப்புங்கள். ஆனால் “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டு அளவு பார்ப்பது ஏமாற்றும். அதற்கு எவரும் தாழ்ந்த குரலில்தான் விடை சொல்வர். தீபாவளிக் கூட்டத்தில் வாடிக்கையாளரை எப்படிக் கூவி அழைப்பார் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் குரலும் எல்லை தாண்டாமல் அடங்கினால் கவலையில்லை. ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை மட்டும் அவசியம் அணைத்துவிடுங்கள். அது விழித்திருந்தால், பெரியவர் யோசிக்க ஒரு கணம் நிறுத்தும்போதெல்லாம் தெரு இரைச்சல் பொங்கி மேலெழும். மறுபடி வாய் திறந்ததும் அமிழும். செவிகளை மூடும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, அவர் பேசாதிருக்கும் இடங்களைக் கவனித்தால் இந்தக் குறை உடனே புலப்படும்.

கேட்பவர் தம் நாவையும் அடக்கிக்கொள்வது நலம். “ஆமாம், ஆமாம்” என்ற மரியாதையான ஒத்தூதல் பதிலின்மேல் விழுந்துவிட்டால் பிரிக்க இயலாது; தலையசைப்பே போதும். பேச்சு முடிந்தபின் அனைவரும் அசையாமல், காற்றாடி அதே கதியில் சுழல, முப்பது விநாடி அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இருமலையோ தடுமாற்றத்தையோ நீக்கிய இடைவெளியில் நிரப்ப இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. மறுநாள் எடுத்தால் அது பொருந்தாது.

தீபாவளிச் சந்தை களைகட்டிவிட்டால் கேம்பல் லேனிலும் சுற்றுவட்டாரத்திலும் இவற்றுள் பலவும் பலிக்காது. பேட்டி எடுக்க எண்ணியிருப்போர் அதற்குமுன் ஒரு வாரநாள் காலையைத் தேர்ந்து, பெரியவரின் சம்மதத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.