பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்: போர்க்காலத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கையர், பரிந்துரைக் கடிதம் கேட்டுத் தங்கள் பழைய விரிவுரையாளருக்கு எழுதும் மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் சில வேளைகளில் என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டே வரிகள் இருக்கும். “சேர், மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு ரெக்கமண்டேசன் லெட்டர் தருவீர்களா? அடுத்த வாரம் கடைசித் திகதி.”

இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆசிரியரால் எழுதக்கூடியது ஒரு நற்சான்றிதழ் மட்டுமே. நற்சான்றிதழ் நமக்குப் பழக்கமானது. கிராம சேவையாளரும் பாடசாலை அதிபரும் தருவது, “நன்னடத்தை உடையவர், ஒழுங்காக வருகை தந்தவர்” என்று முடிவது. வெளிநாட்டுத் தெரிவுக்குழு கேட்பது வேறொன்று. இவர் ஒரு கடினமான பாடத்தை எப்படிக் கையாண்டார், பிழை காட்டியபோது என்ன செய்தார், தனியாக ஆய்வு செய்வாரா என்பவற்றை நேரில் பார்த்த ஒருவரின் சாட்சியத்தை அது எதிர்பார்க்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்கும் ஒருவருக்குப் பல வருடங்களுக்கு முந்திய மாணவர் பற்றி இதெல்லாம் நினைவில் இராது. அதை நினைவூட்டுவதுதான் மின்னஞ்சலின் வேலை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண். 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர். அப்போது குடும்பத்தோடு மெனிக் பாம் முகாமில் இருந்ததால் அடுத்த வருடமே எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து 2016இல் பட்டம் பெற்றார். இடையில் 2014இல் ஒரு அரையாண்டில் மட்டும் அவருடைய பெறுபேறுகள் இறங்கியிருக்கின்றன. காணாமற்போன அண்ணனுக்காக, ஜனாதிபதி ஆணைக்குழு வடக்கில் நடத்திய அமர்வுகளுக்குத் தாயோடு அலைந்த காலம் அது. இப்போது பிரித்தானியாவில் அபிவிருத்திக் கற்கையில் முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறார். தன் ஆய்வேட்டை மேற்பார்வை செய்த விரிவுரையாளருக்கு அவர் இப்படி எழுதலாம்:

“விடயம்: முதுமாணி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் – ஜனவரி 31

மதிப்புக்குரிய சேர்,

வணக்கம். நான் 2016இல் சமூகவியல் சிறப்புக்கலை முடித்த மாணவி. மீள்குடியேறிய மீனவப் பெண்களின் கடன் பற்றிய என் ஆய்வேட்டை நீங்கள் மேற்பார்வை செய்தீர்கள். எதிர்வரும் செப்டெம்பரில் தொடங்கும் அபிவிருத்திக் கற்கை முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறேன். என் கல்வித்திறன் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுத உங்களுக்கு இயலுமா?

என் முதல் வினாக்கொத்தைப் பார்த்து, கேள்விகளே பதிலைச் சொல்லிவிடுகின்றன என்று திருப்பித் தந்தீர்கள். அதை மாற்றி எழுதிக்கொண்டு, ஏற்கெனவே சந்தித்த 6 பெண்களிடம் மறுபடியும் போனேன். இந்த முதுமாணியில் கள ஆய்வு முக்கியமானது என்பதால் அதை நீங்கள் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

2014இல் ஒரு அரையாண்டில் என் பெறுபேறுகள் குறைந்ததை நீங்கள் அறிவீர்கள். குடும்பப் பொறுப்பு காரணமாக என்று மட்டும் எழுதினால் போதும். அண்ணனைப் பற்றிக் குறிப்பிட வேண்டாம் சேர்.

பெறுபேற்றுப் பத்திரம், ஆய்வேட்டுச் சுருக்கம், சுயவிபரம், பாடநெறி விபரம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நீங்கள் சம்மதித்தால் பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்கு ஒரு இணைப்பு மின்னஞ்சலில் வரும். நேரம் இல்லாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்வேன்.

நன்றியுடன்,”

கீழே அவருடைய பெயர், பதிவிலக்கம், தொலைபேசி இலக்கம்.

இந்த மடலில் வினாக்கொத்து பற்றிய பகுதிதான் உயிர். “நான் கெட்டிக்காரி” என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இருவரும் அறிந்த ஒரு சம்பவத்தை மட்டும் நினைவூட்டுகிறார். அதைப் படித்ததும் ஆசிரியருக்கு முகம் ஞாபகம் வரும். எழுதுவதற்கு ஒரு விடயமும் கிடைக்கும். இப்படி ஒரு சம்பவத்தையாவது உங்களால் நினைவுகூர முடியவில்லையென்றால், அவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்தக் கடிதத்துக்குப் பொருத்தமானவர் அல்லர். பேராசிரியரின் பொதுவான நான்கு வரிகளைவிட, உங்களை அறிந்த ஒரு இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கம் பெறுமதியானது.

அடுத்தது அண்ணன் பற்றிய வரி. நம் பிள்ளைகளின் பத்திரங்களில் இடைவெளிகள் இருக்கின்றன. பிந்திய பரீட்சை, மாறிய பாடசாலைகள், ஒரு தவணை இறங்கிய புள்ளிகள். தெரிவுக்குழு அவற்றைக் காணும், காரணத்தை அறியாது. ஆசிரியர் ஒரு வசனத்தில் விளக்கினால் அது உங்கள் சொல்லைவிட எடையுள்ளதாகும். ஆனால் அன்பு மிகுதியால் சில ஆசிரியர்கள் முழுக்கதையையும் எழுதிவிடக்கூடும். கடிதம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, பெரும்பாலும் உங்களுக்கு அது காட்டப்படுவதில்லை. யார் யார் படிப்பார்கள் என்பதும் தெரியாது. எனவே எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்பதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும். முகாமில் இருந்ததைச் சொல்லச் சிலர் விரும்புவர், சிலர் விரும்பார். இரண்டும் சரியே. முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சொல்வதென்றாலும், துயரத்தோடு கடிதம் நின்றுவிடாமல், அதற்குப் பின் நீங்கள் செய்த படிப்பைப் பற்றிப் பேசுவதாக இருக்கட்டும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்மொழி மூலம் கற்பித்த ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதனால், “நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையொப்பம் வைக்கிறேன்” என்பார்கள். அப்படிச் செய்தால், உங்கள் நோக்கக் கூற்றும் கடிதமும் ஒரே நடையில் இருப்பதைத் தெரிவுக்குழு இலகுவில் கண்டுகொள்ளும். கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்பதுதான் விதியும்கூட. அதற்குப் பதிலாகப் பாடங்களின் பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, வருடங்கள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பாக அனுப்புங்கள். மதிப்பீடு அவருடைய சொற்களில் வரட்டும்.

கடைசித் திகதிக்கு நான்கு வாரங்களுக்கு முன்னராவது கேட்பது நல்லது. ஆசிரியர் சம்மதிக்கும் முன் அவருடைய மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பப் படிவத்தில் இடாதீர்கள். இட்டவுடனேயே சில தளங்களிலிருந்து இணைப்பு அவருக்குப் போய்விடும். பல பல்கலைக்கழகங்கள் `ac.lk` என்று முடிவது போன்ற நிறுவன முகவரியையே ஏற்கின்றன. ஆசிரியர் ஓய்வுபெற்று ஜிமெயில் மட்டும் வைத்திருந்தால், அனுமதிப் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் கடிதத்தலைப்பில் எழுதிக் கையொப்பமிட்ட பிரதி போதும். புலம்பெயர்ந்து வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆசிரியரும் எழுதலாம். உங்களுக்கு எங்கே, எந்த வருடங்களில் கற்பித்தார் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டால் சரி.

சம்மதம் கிடைத்துப் பத்து நாட்களாகியும் கடிதம் போய்ச் சேரவில்லையென்றால், இணைப்பு ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு சிறு நினைவூட்டல் அனுப்புங்கள். தாமதம் என்று நாம் நினைப்பது சில வேளைகளில் அவர் கண்ணில் படாத ஒரு மடலாகத்தான் இருக்கும். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்கு அறிவியுங்கள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால், அவர்தான் அந்தக் கடிதத்தைப் புதுப்பித்துத் தர வேண்டியவர்.