பிழை பின்னோக்கி நடக்கும் பாதை: பின்பரவலைக் கையால் போட்டுப் பார்த்தல்

நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்குவது என்றால் அதற்குள் இருக்கும் எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது என்று பொருள். எந்த எடையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எவ்வளவு என்பதைச் சொல்லும் கணக்குக்குப் பின்பரவல் என்று பெயர். வெளியீட்டில் தெரியும் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிழைக்கு ஒவ்வொரு எடையும் எவ்வளவு காரணம் என்பதை அது பின்னாலிருந்து முன்னால் வந்து கண்டுபிடிக்கிறது. அதற்கு வேண்டிய கணிதம் வகை நுண்கணிதத்தில் வரும் சங்கிலி விதி ஒன்றுதான். நான்கே எடைகள் கொண்ட நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டால் முழுக் கணக்கும் ஒரு தாளில் அடங்கிவிடும்.

சங்கிலி விதி சொல்வது

ஒரு சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 48 பற்கள், பின்பல்சக்கரத்துக்கு 16 பற்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 3 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 2 மீட்டர் நகரும். ஆகவே பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் 3 × 2 = 6 மீட்டர்.

சங்கிலி விதியும் இதுவே. ஓர் அளவு மாறினால் இரண்டாவது மாறுகிறது. இரண்டாவது மாறினால் மூன்றாவது மாறுகிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள மாற்ற வீதம் வேண்டுமானால், இடையில் உள்ள வீதங்களைப் பெருக்க வேண்டும். சைக்கிளில் இந்த வீதங்கள் எப்போதும் ஒன்றே. நெட்வொர்க்கிலோ அவை அந்தந்த நேரத்து எண்களைப் பொறுத்து மாறும். அதனால்தான் முதலில் முன்னோக்கிப் போய் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்கு எடைகள் கொண்ட நெட்வொர்க்

இந்த நெட்வொர்க்குக்கு ஓர் உள்ளீடு, நடுவில் மறைந்திருக்கும் அடுக்கில் இரண்டு கணுக்கள், கடைசியில் ஒரு வெளியீடு. எடைகள் இரண்டு அடுக்குகளாக இருப்பதால் இது இரண்டடுக்கு நெட்வொர்க். உள்ளீட்டிலிருந்து நடுக் கணுக்களுக்குப் போகும் எடைகள் w1, w2. அங்கிருந்து வெளியீட்டுக்குப் போகும் எடைகள் v1, v2.

```
z1 = w1·x          z2 = w2·x
h1 = σ(z1)         h2 = σ(z2)
y  = v1·h1 + v2·h2
L  = ½ (y − t)²
```

இதில் σ என்பது சிக்மாய்டு சார்பு: σ(z) = 1/(1 + e^(−z)). எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவந்துவிடும். t என்பது வரவேண்டிய சரியான விடை. L என்பது இழப்பு, அதாவது விடை எவ்வளவு தவறியது என்பதன் அளவு. முன்னால் ½ இருப்பது, வகையிடும்போது வரும் 2 அடிபட்டுப் போவதற்காக மட்டுமே.

தொடக்க மதிப்புகள்: x = 2, t = 1, w1 = 0.5, w2 = −1, v1 = 2, v2 = −1.

முன்னோக்கிய கணக்கு

முதல் கணுவுக்கு வருவது z1 = 0.5 × 2 = 1. சிக்மாய்டு இதை h1 = 0.731 ஆக்குகிறது. இரண்டாம் கணுவுக்கு வருவது z2 = −1 × 2 = −2; அது h2 = 0.119 ஆகிறது. வெளியீடு y = 2 × 0.731 − 1 × 0.119 = 1.343. வரவேண்டியது 1. ஆகவே பிழை 0.343; இழப்பு L = ½ × 0.343² = 0.0588.

h1, h2, y ஆகிய எண்களைத் தாளில் அழியாமல் வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது இவையே வீதங்களாக மாறுகின்றன.

பின்னோக்கிய கணக்கு

முதல் கேள்வி: y சிறிதே கூடினால் L எந்த வீதத்தில் மாறும்? ½(y − t)² என்பதை வகையிட்டால் y − t கிடைக்கும். எனவே ∂L/∂y = 0.343. இந்த எண் இனி நான்கு எடைகளுக்கும் பொதுவானது.

அடுத்து வெளியீட்டு எடைகள். y = v1·h1 + v2·h2 என்பதில் v1 கூடினால் y கூடும் வீதம் h1. ஆகவே இரண்டு வீதங்களைப் பெருக்கினால் போதும்:

```
∂L/∂v1 = 0.343 × 0.731 = 0.251
∂L/∂v2 = 0.343 × 0.119 = 0.041
```

இப்போது w1. அது நேராக y-ஐத் தொடுவதில்லை. w1 மாறினால் z1 மாறும், அதனால் h1 மாறும், அதனால் y மாறும், அதனால் L மாறும். சங்கிலியில் நான்கு கண்ணிகள். L பக்கத்திலிருந்து வந்தால், முதல் கண்ணி 0.343. இரண்டாவது, h1 மாறினால் y மாறும் வீதம். அது v1, அதாவது 2. மூன்றாவது, z1 மாறினால் h1 மாறும் வீதம். சிக்மாய்டின் வகைக்கெழு h(1 − h) என்பதால் அது 0.731 × 0.269 = 0.197. நான்காவது, w1 மாறினால் z1 மாறும் வீதம். அது x, அதாவது 2.

முதல் மூன்றையும் பெருக்கிவரும் எண்ணைத் தனியே δ1 என்று குறித்து வைப்பது வழக்கம். z1-இல் வந்து சேர்ந்த பிழைப் பங்கு அது.

```
δ1 = 0.343 × 2 × 0.197 = 0.135
∂L/∂w1 = δ1 × x = 0.135 × 2 = 0.270
```

w2-க்கும் இதே வழி. இங்கே சிக்மாய்டின் வகைக்கெழு 0.119 × 0.881 = 0.105; v2 = −1.

```
δ2 = 0.343 × (−1) × 0.105 = −0.036
∂L/∂w2 = δ2 × x = −0.036 × 2 = −0.072
```

இந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை நடந்தே பார்க்கலாம். w2 கூடினால் z2 கூடும், h2-உம் கூடும். ஆனால் h2-ஐ y-உடன் இணைக்கும் v2 எதிர்மறை எண். எனவே h2 கூடக்கூட y குறையும். y இப்போது வேண்டிய அளவைவிட அதிகமாக இருப்பதால், அது குறைவது நல்லதே, இழப்பும் குறையும். w2-ஐக் கூட்டினால் இழப்பு குறையும் என்பதைத்தான் −0.072 சொல்கிறது.

x-க்கு முன்னால் இன்னோர் அடுக்கு இருந்திருந்தால், பிழை x வரைக்கும் போயாக வேண்டும். x-இலிருந்து L-க்கு இரண்டு பாதைகள் உள்ளன: ஒன்று முதல் கணு வழி, மற்றொன்று இரண்டாம் கணு வழி. ஒரு பாதைக்குள் வீதங்களைப் பெருக்க வேண்டும்; பாதைகள் பலவானால் அவற்றைக் கூட்ட வேண்டும். எனவே ∂L/∂x = δ1·w1 + δ2·w2 = 0.0675 + 0.036 = 0.1035. எத்தனை அடுக்குகள் இருந்தாலும் இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சரியா என்று பார்ப்பது

கிடைத்த வீதங்களைச் சங்கிலி விதியே இல்லாமல் சரிபார்க்க ஒரு நேரடி வழி உண்டு. மற்றவற்றைத் தொடாமல் w1-ஐ மட்டும் 0.51 ஆக்கி முன்னோக்கிய கணக்கைப் போட்டால் L = 0.06151. அதையே 0.49 ஆக்கினால் L = 0.05612. வேறுபாடு 0.00539, அதை 0.02-ஆல் வகுத்தால் 0.270. பின்பரவல் தந்ததும் அதே எண்.

அப்படியானால் இந்த நேரடி வழியே போதாதா? ஓர் எடைக்கு இரண்டு முறை முன்னோக்கிய கணக்கு வேண்டும். நான்கு எடைகளுக்கு எட்டு முறை. பத்து லட்சம் எடைகளுக்கு இருபது லட்சம் முறை. பின்பரவலில் 0.343 ஒருமுறைதான் கணக்கிடப்பட்டது. நான்கு எடைகளும் அதைப் பகிர்ந்துகொண்டன. எத்தனை எடைகள் இருந்தாலும் ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே போனால் எல்லா வீதங்களும் கிடைத்துவிடும். பின்னாலிருந்து தொடங்குவதன் காரணம் இந்தப் பகிர்வே. சங்கிலி விதியை இப்படிக் கடைசியிலிருந்து போடும் முறையைப் பின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970-இல் தம் முதுநிலை ஆய்வேட்டில் எழுதினார். டேவிட் ரூமெல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நியூரல் நெட்வொர்க்குகளில் அது பரவலானது.

ஒரு படி திருத்தம்

வீதம் நேர்மறையானால் எடையைக் குறைக்க வேண்டும்; எதிர்மறையானால் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதைக் கற்றல் வீதம் என்ற சிறிய எண் தீர்மானிக்கிறது. அதை 0.1 என்று வைத்தால், ஒவ்வோர் எடையிலிருந்தும் அதன் வீதத்தில் பத்தில் ஒரு பங்கு கழியும்:

```
w1: 0.5 → 0.473       w2: −1 → −0.993
v1: 2   → 1.975       v2: −1 → −1.004
```

புதிய எடைகளுடன் மறுபடி முன்னோக்கிப் போட்டால் y = 1.301. இழப்பு 0.0588-இலிருந்து 0.0453 அளவுக்கு இறங்கிவிட்டது. இதையே மீண்டும் மீண்டும் செய்வதுதான் பயிற்சி.

கணக்கு தவறும் இடங்கள்

அடிக்கடி நேரும் பிழை, h(1 − h) என்ற கண்ணியை விட்டுவிடுவது. அப்போது w1-இன் வீதம் 0.343 × 2 × 2 = 1.372 என்று ஐந்து மடங்காக வரும். மேலே சொன்ன நேரடிச் சரிபார்ப்பு இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று அவ்வளவு எளிதில் பிடிபடாது. v1-ஐ 1.975 என்று முதலில் திருத்திவிட்டு, அந்தப் புதிய மதிப்பை வைத்து δ1-ஐக் கணக்கிடுவது. விடை கொஞ்சமே மாறுவதால் இழப்பு வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருக்கும். தவறு வெளியே தெரியாது. நான்கு வீதங்களையும் பழைய எடைகளைக் கொண்டே கண்டுபிடித்து முடித்த பிறகுதான் எந்த எடையையும் தொட வேண்டும்.

தொடக்க எடைகளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். w1-உம் w2-உம் சமமாகவும், v1-உம் v2-உம் சமமாகவும் இருந்தால் இரண்டு கணுக்களுக்கும் ஒரே வீதம்தான் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டும் ஒன்றுபோலவே மாறும். இரண்டு கணுக்கள் இருந்தும் பயன் ஒன்றின் பயனே. எடைகளைத் தற்செயல் எண்களாகத் தொடங்குவது இதைத் தவிர்க்கத்தான்.

கடைசியாக, கணக்கில் தவறே இல்லாமல் வரும் ஒரு சிக்கல். சிக்மாய்டின் வகைக்கெழு எப்போதும் 0.25-ஐத் தாண்டாது. z = 6 என்றால் அது ஏறத்தாழ 0.0025தான். அந்த ஒரு கண்ணி சிறுத்தால் முழுப் பெருக்கலும் சிறுத்துவிடும். அந்தக் கணுவுக்குப் போகும் எடை அசையாது. அடுக்குகள் கூடினால் இந்தச் சிறிய எண்கள் ஒன்றோடொன்று பெருகும்: 0.25-ஐப் பத்து முறை பெருக்கினால் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே மிஞ்சும். முன் அடுக்குகளின் வீதங்களை அச்சிட்டுப் பார்த்தால் அவை பின் அடுக்குகளைவிடப் பல மடங்கு சிறியவையாக இருப்பது இதற்கு அடையாளம். நேர்மறை எண்ணை அப்படியே விட்டு, எதிர்மறையைச் சுழியாக்கும் ரெலு சார்பு பல அடுக்கு நெட்வொர்க்குகளில் சிக்மாய்டின் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நேர்மறைப் பக்கத்தில் அதன் வகைக்கெழு 1. அந்தக் கண்ணியில் எத்தனை முறை பெருக்கினாலும் பிழை தேய்வதில்லை.