25 : 343 என்ற ஜோடிக்கு இணை எது?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தினமும் பார்க்கும் வகைக் கேள்வி இது. ஓர் எண் ஜோடி கொடுத்திருப்பார்கள். அந்த ஜோடியில் முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள உறவு வேறு எந்த ஜோடியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் பகுதியிலும் இது உண்டு, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலும் உண்டு. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் அடி வரை போய்ப் பார்ப்போம்.

25 : 343 என்ற ஜோடிக்கு இணையானது எது?

(அ) 16 : 256
(ஆ) 23 : 125
(இ) 36 : 216
(ஈ) 41 : 625

பெரும்பாலானவர்களின் கண் முதலில் 25-இல் நிற்கும். அது 5-இன் வர்க்கம் என்பது சட்டென்று தெரியும், அங்கிருந்து கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். என் பரிந்துரை வேறு. ஜோடியில் எது பெரிய எண்ணோ அதிலிருந்து தொடங்குங்கள். சின்ன எண்கள் பல வழிகளில் உருவாகலாம். 25 என்பது 5-இன் வர்க்கமாக வந்திருக்கலாம், 24-உடன் 1 கூட்டியதாக இருக்கலாம், எந்தச் சிறப்பும் இல்லாத வெறும் இரண்டிலக்க எண்ணாகவும் இருக்கலாம். 343 அப்படியல்ல. அது 7-இன் கனம், அதாவது 7 × 7 × 7. கேள்வி கேட்பவர் அதைத் தற்செயலாக எடுத்து வைத்திருக்க மாட்டார்.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. 25-இலிருந்து 7 எப்படி வந்தது? இலக்கங்களைக் கூட்டினால் 2 + 5 = 7. ஆகவே விதி இதுவாக இருக்கலாம்: முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டு, வந்ததைக் கனமாக்கு.

இதை வைத்து நான்கு விடைகளையும் சோதிப்போம். 16-இன் இலக்கங்களைக் கூட்டினால் 7, அதன் கனம் 343. ஆனால் அங்கே 256 இருக்கிறது, பொருந்தவில்லை. 23-க்கு 2 + 3 = 5, கனம் 125, பொருந்துகிறது. 36-க்குக் கூடுதல் 9, கனம் 729. கொடுத்திருப்பதோ 216. 41-க்குக் கூடுதல் 5, கனம் 125. கொடுத்திருப்பது 625. எனவே விடை (ஆ).

தவறான மூன்று விடைகளையும் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவை ஏனோதானோவென்று வைத்தவை அல்ல. 16 : 256 என்பது எண்ணும் அதன் வர்க்கமும். இரண்டுமே எல்லோருக்கும் மனப்பாடமான எண்கள் என்பதால் பார்த்தவுடன் ‘இதுதான்’ என்று தோன்றும். 36 : 216 என்பது 6-இன் வர்க்கமும் 6-இன் கனமும். 25-ஐ 5-இன் வர்க்கம் என்றும் 343-ஐக் கனம் என்றும் கண்டவர், இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண் ஒன்றுதானா என்று பார்க்காமல் விட்டால் இதில் விழுவார். 41 : 625 இன்னும் நுட்பமானது. இலக்கக் கூடுதல் 5 என்பது வரை சரியாக வந்து, 5-ஐ மூன்று முறை பெருக்குவதற்குப் பதில் நான்கு முறை பெருக்கியது. விதியைப் பாதி கண்டுபிடித்து நின்றவர்களுக்காக வைத்தது. ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட தவறு இருக்கிறது. அதனால்தான் விதியைக் கண்ட பிறகு ஒரு விடை பொருந்தியதும் நிறுத்திவிடாமல் நான்கையும் சரிபார்க்கச் சொல்வார்கள்.

இனி ஒரே ஒரு விடையை மாற்றுவோம். (ஈ)-இல் 41 : 625-ஐ எடுத்துவிட்டு 36 : 512 என்று போடுவோம்.

512 என்பது 8-இன் கனம். 36 என்பது 6-இன் வர்க்கம். 6-க்கும் 8-க்கும் இடையே 2 வித்தியாசம். திரும்பிப் போய்க் கொடுத்த ஜோடியைப் பாருங்கள். 25 என்பது 5-இன் வர்க்கம், 343 என்பது 7-இன் கனம். 5-க்கும் 7-க்கும் இடையே அதே 2. ஆக இன்னொரு விதியும் 25 : 343-க்கு முழுமையாகப் பொருந்துகிறது: முதல் எண்ணின் வர்க்கமூலத்துடன் 2 கூட்டு, அதைக் கனமாக்கு. இலக்கக் கூடுதல் விதிப்படி விடை 23 : 125. வர்க்கமூல விதிப்படி விடை 36 : 512. இரண்டிலும் கணக்குத் தவறு இல்லை.

இந்த வகைக் கேள்வியின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு விதி இதுதான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரு ஜோடிக்குப் பல விதிகள் பொருந்தும். அவற்றில் எது என்பதை விடைகளின் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. முதலில் கொடுத்திருந்த பட்டியலில் வர்க்கமூல விதிக்கு ஒரு விடையும் பொருந்தவில்லை, அதனால் கேள்வி நேர்மையாக இருந்தது. 36 : 512 உள்ளே வந்ததும் அதே கேள்வி கெட்டுவிட்டது. ஆகவே கேள்வியை மட்டும் பார்த்து ஒரு விதியை முடிவு செய்துகொண்டு விடைகளுக்குள் போவதைவிட, இரண்டு மூன்று விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போவது பாதுகாப்பு.

எஸ்.எஸ்.சி. தாள்களில் இதற்கென்றே ஒரு குறிப்பு அச்சிடுகிறார்கள். முழு எண்களின் மீதுதான் கணக்குச் செய்ய வேண்டும், எண்ணை இலக்கங்களாக உடைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 13-ஐ எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 13-உடன் ஓர் எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். ஆனால் அதை 1 என்றும் 3 என்றும் பிரித்து, அந்த 1-ஐயும் 3-ஐயும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நம் கேள்விக்கு மேலே இந்தக் குறிப்பு இருந்தால் இலக்கக் கூடுதல் விதி அடிபட்டுப் போகிறது. அப்போது விடை 36 : 512 மட்டுமே. குறிப்பைப் படிக்காமல் தாண்டியவர், கணக்கில் ஒரு தவறும் செய்யாமலே தவறான விடையைக் குறித்துவிட்டு வருவார். அந்தத் தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. 100 கேள்விக்கு 60 நிமிடம் என்பதால் சராசரியாக ஒரு கேள்விக்குக் கிடைப்பது 36 விநாடி. அந்த அவசரத்தில் முதலில் பலியாவது இந்தக் குறிப்புதான்.

இப்படி இரண்டு விதிகள் ஒரே ஜோடியில் மோதுவது 25-க்கு மட்டும் நேர்ந்த விபத்தா? அல்ல. 64 : 1000 என்ற ஜோடியை எடுங்கள். 6 + 4 = 10, அதன் கனம் 1000. வர்க்கமூலம் 8, அதனுடன் 2 கூட்டினாலும் 10. மீண்டும் இரண்டு விதியும் பொருந்துகின்றன. 196 : 4096-ம் அப்படியே. 1 + 9 + 6 = 16. வர்க்கமூலம் 14, அதனுடன் 2 கூட்டினால் 16. 289 : 6859 என்ற ஜோடியில் இரண்டு வழியிலும் 19 வரும். 4 : 64-ஐயும் சேர்த்தால் இத்தகைய ஜோடிகள் மொத்தம் ஐந்து, அதற்கு மேல் இல்லை.

காரணம் 9-ஆம் வாய்பாட்டில் இருக்கிறது. எந்த எண்ணையும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூடுதலை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. ஆகவே ஒரு வர்க்கத்தின் இலக்கக் கூடுதல் அதன் மூலத்தைவிடச் சரியாக 2 அதிகமாக இருக்க வேண்டுமானால், அந்த வர்க்கமும் ‘மூலம் + 2’-ம் 9-ஆல் வகுபடும்போது ஒரே மீதியைத் தர வேண்டும். 3-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் மூலங்களுக்கு மட்டுமே இது நடக்கிறது. அவை 2, 5, 8, 11, 14, 17 என்று போகின்றன. இவற்றில் 11 மட்டும் நழுவுகிறது. 121-இன் இலக்கக் கூடுதல் 4, ஆனால் 11 + 2 என்பது 13. மீதி ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. 17-ஐத் தாண்டிய பிறகு மூலம் வளரும் வேகத்துக்கு இலக்கக் கூடுதலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கேள்வி அமைக்கும் ஆசிரியர்கள் இந்த ஐந்து எண்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாதிரி ஜோடியாக 25 : 343-ஐக் கொடுப்பவர், விடையாக 64 : 1000-ஐ வைத்தால் எந்த வழியில் வந்த மாணவரும் அங்கேயே வந்து சேர்வார்.

இலக்கங்களை உடைக்காமலே குழப்பம் வரும் இடமும் உண்டு. 8 : 64 :: 27 : ? என்ற கேள்வியைப் பாருங்கள். 8-இன் வர்க்கம் 64 என்று எடுத்தால் 27-இன் வர்க்கமான 729 விடை. 8-ஐ 8-ஆல் பெருக்கியதாக எடுத்தால் 216. 8 என்பது 2-இன் கனம், 64 என்பது 4-இன் கனம், மூலத்துடன் 2 கூட்டியிருக்கிறது என்று எடுத்தால் 3 என்பது 5 ஆகி 125 வரும். தொல்லைக்குக் காரணம் 64. அது 8-இன் வர்க்கமாகவும் 4-இன் கனமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. 729-க்கும் அதே குணம், அது 27-இன் வர்க்கம், 9-இன் கனம். 4096-ஐ 64-இன் வர்க்கம் என்றும் சொல்லலாம், 16-இன் கனம் என்றும் சொல்லலாம். இந்த மூன்று எண்களில் ஒன்று கேள்வியில் தெரிந்தால் இரண்டு வாசல்களையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல மருந்து இரண்டாவது எடுத்துக்காட்டுதான். 8 : 64 :: 5 : 25 :: 27 : ? என்று கேட்டால் விடை 729 மட்டுமே. நடுவில் 5 : 25-க்குப் பதிலாக 5 : 40 என்று இருந்தால் 216 மட்டுமே. ஒரே ஒரு கூடுதல் ஜோடி வந்ததும் மற்ற விதிகள் தாமாகவே விழுந்துவிடுகின்றன. இப்போதைய தாள்களில் ஆறு எண்களைக் கொண்ட இந்த வடிவம் வருவது மாணவர்களுக்கு நல்லது. படிப்பவர்களும் இதில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். முதல் ஜோடியில் கண்ட விதியை இரண்டாம் ஜோடியில் சோதிக்காமல் மூன்றாவதற்குப் போகவே கூடாது.

தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும்போது, கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்க எஸ்.எஸ்.சி. இடம் தருகிறது. இரண்டு விடை பொருந்தும் கேள்வியைச் சந்தித்தவர்கள் ‘கேள்வி தவறு’ என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டு விதிகளையும் தனித்தனியே எழுதி, கொடுத்த ஜோடிக்கு இரண்டும் பொருந்துவதையும், ஒவ்வொன்றும் எந்த விடைக்கு அழைத்துச் செல்கிறது என்பதையும், இலக்கங்களை உடைக்கக் கூடாது என்ற குறிப்பை எந்த விதியும் மீறவில்லை என்பதையும் வரிசையாகக் காட்ட வேண்டும். நம் 25 : 343 கேள்வியில் 23 : 125-ஐக் குறித்தவரின் ஆட்சேபம் அந்தக் குறிப்பு இல்லாத தாளில் மட்டுமே நிற்கும். 8 : 64 :: 27 : ? கேள்வியில் 216, 729 இரண்டையும் விடைப் பட்டியலில் வைத்திருந்தால், குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும்.