பின் எண் கேட்காத கட்டணம்

நம்ம மெட்ரோவில் வாட்ஸ்அப் வழியாகப் பயணச்சீட்டு வாங்குவோர் புறப்படும் நிலையத்தையும் சேரும் நிலையத்தையும் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பார்த்த பின்னரே யுபிஐ பின் எண்ணை இடுகின்றனர். தொகை தெரியாமல் ஒப்புதல் தருவதில்லை. கேன்டன் கண்காட்சிக்காகக் குவாங்சோ செல்லும் பெங்களூரு வணிகர்களை இப்பழக்கமே அங்குச் சற்றுத் தடுமாற வைக்கிறது.

அங்கே அலிபே செயலிக்குள் மெட்ரோ, பேருந்து போன்ற நகரச் சேவைகள் ‘மினி புரோகிராம்’ எனப்படும் சிறுசெயலிகளாக இயங்குகின்றன. (இவ்வகையில் புகழ்பெற்ற வீசாட், 2020 ஜூன் முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது.) பயணக் குறியீட்டைப் பெற முனையும்போது வெவ்வேறு பொருளுடைய திரைகள் அடுத்தடுத்து வருகின்றன. அவசரத்தில் அனைத்தும் ஒன்றுபோல் தோன்றும்.

முதலில் வருவது தகவல் அனுமதி. 授权 என்றால் அனுமதி அளித்தல், 允许 என்றால் சம்மதம், 拒绝 என்றால் மறுப்பு. தகவலைப் பெறுவது அச்சிறுசெயலியை நடத்தும் நிறுவனம் என்பதால், அதன் பெயரையும் கேட்கப்படும் விவரங்களையும் முதலில் பார்க்க வேண்டும். பெயரும் கைபேசி எண்ணும் கேட்கப்படுவது இயல்பு. தொடர்பு எண்களின் பட்டியலையோ படத்தொகுப்பையோ கேட்டால் மறுப்பதே எங்கள் பரிந்துரை.

அடுத்து 免密支付 என்ற நான்கு எழுத்துகள் தோன்றலாம். கடவுச்சொல் இன்றிப் பணம் செலுத்துதல் என்பது அதன் பொருள். இத்திரையில் தொகை இராது; இருக்கவும் இயலாது. பயணி எங்கே இறங்குவார் என்பது வெளியேறும் வாயிலில்தான் தெரியும். இங்கு ஒருமுறை சம்மதித்தால், ஒவ்வொரு பயணத்துக்கும் உரிய கட்டணம் தானாகவே கழியும். நம் ஊரின் ‘ஆட்டோபே’ ஒப்புதலோடு இதனை ஒப்பிடலாம். 确认支付 என்பது வேறு. அது திரையிலுள்ள தொகையை ஒருமுறை மட்டும் செலுத்துவது.

ஒரு வணிகர் ஐந்து நாளில் பத்து முறை, ஒவ்வொன்றும் 5 யுவான் கட்டணத்தில் பயணம் செய்ததாகக் கொள்வோம். அட்டைக் கணக்கில் 50 யுவான் ஒரே வரியாக வராது. பத்துச் சிறு வரிகளாக வரக்கூடும். அவற்றின் மீது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். அறியாத பற்று என்று புகாரளிக்குமுன் பயண நாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயலியில் இணைத்த அட்டை இணையவழிப் பரிவர்த்தனையாகவே கருதப்படும். எனவே வெளிநாட்டுக் கடைப் பயன்பாட்டை மட்டும் இயக்கிச் சென்றவர்களின் கட்டணம் மறுக்கப்படுகிறது. சர்வதேச இணையவழிப் பயன்பாட்டையும் சிறிய வரம்புடன் இயக்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும் நாளில் வரிசை முக்கியம். சிறுசெயலியை மூடுவதாலோ கைபேசியிலிருந்து அலிபேயை நீக்குவதாலோ ஒப்புதல் ரத்தாகாது. கடைசிப் பயணத்தின் கட்டணம் கழிந்துவிட்டதா என முதலில் பாருங்கள். நிலுவை இருப்பின் அடுத்த வருகையில் குறியீடு திறக்காமல் போகலாம். பின்னர் கட்டண அமைப்புகளில் 免密支付 பகுதியைத் திறந்து, அந்தச் சேவையின் ஒப்புதலை நீக்குங்கள். அதன் பிறகே அட்டையின் சர்வதேசப் பயன்பாட்டை நிறுத்துங்கள்.