இதழ்த் தண்டாயுதம்

இரும்புத் தகட்டின் மேல் வாள் வெட்டு வழுக்கிப் போய்விடும். 14, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர்ச் சுத்தியல் பெருகியதும், முகலாய, தக்காணக் குதிரைவீரர்கள் இதழ் வைத்த தண்டாயுதம் ஏந்தியதும் அதனால்தான்.

தண்டாயுதத்தின் எடையில் பெரும்பகுதி தலையில் இருக்கிறது. வீச்சின் வேகம் முழுவதும் ஓர் இதழின் குறுகிய விளிம்பில் இறங்குவதால், வளைந்த தலைக்கவசத்திலும் அடி நழுவாமல் பற்றும். தகடு கிழிய வேண்டியதில்லை, குழிந்தாலே போதும். உள்ளே அணிந்த பஞ்சுச் சட்டை அதிர்ச்சியைக் குறைக்குமே தவிர நிறுத்தாது, எலும்பு முறியும். துளைப்பது சுத்தியலின் மறுபக்கக் கூர்அலகின் வேலை. அது தகட்டில் சிக்கினால் ஆயுதம் கைவிட்டுப் போகும். சங்கிலிக் குண்டு கேடய விளிம்பைச் சுற்றி அடிக்கும்; குறி தப்பினால் அடுத்த வீச்சுக்குள் எதிரி முந்திவிடுவான்.

ஆனால் போடிநாயக்கனூர் போன்ற கம்பம் பள்ளத்தாக்குப் பாளையங்களின் காலாட்கள் பெரும்பாலும் இரும்புக் கவசம் பூண்டதில்லை. வெயிலும் மலையேற்றமும் அதற்கு இடம் தரவில்லை. கவசமில்லாத உடம்புக்கு வேலும் வாளுமே போதும். தண்டாயுதத்தின் கனம் அங்கே வீண் சுமை.