ஒரு கயிறு, 36 பிள்ளைகள், 12 ராக்கெட்

பாட்மிண்டன் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். இரட்டையர் ஆட்டமென்றாலும் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் அதில் ஆட முடியும். வகுப்பில் 36 பிள்ளைகள், பீரியட் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிறுத்துவது, கலைத்து அனுப்புவது எல்லாம் போக 30 நிமிடம் மிஞ்சும். நான்கு நான்கு பேராக உள்ளே அனுப்பினால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் சொச்சம் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்திலும் பாதி நேரம் கீழே விழுந்த ஷட்டிலைப் பொறுக்குவதிலேயே போய்விடும். மற்ற 32 பேர் சுவரோரம் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். பள்ளிகளில் பாட்மிண்டன் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான்.

இதற்கு வழி கோர்ட்டை மறந்துவிடுவது. பிறவிப் பயிற்சியாளர்களுக்கு இது கசக்கும். ஆனால் நெரிசலான கூடத்தில் புதியவர்களுக்கு முழு ஆட்டத்தையும் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பதே தவறு என்பது என் கட்சி. தலைக்கு மேல் ராக்கெட்டை வீசி அடிக்கும் கிளியரும் ஸ்மாஷும் முதல் ஆறு வகுப்புகளில் வேண்டவே வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் ஓட இடம் வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் தலைக்கும் அவை ஆபத்து. ராக்கெட்டின் நீளம் 68 சென்டிமீட்டர் வரை இருக்கலாம்; அதோடு கை நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். நெட்டுக்கு அருகே, இடுப்பு முதல் தோள் உயரத்துக்குள் ஆடும் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு மீட்டர் அகலம் போதும்.

18 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தரப் பள்ளியின் கூட்டரங்கம் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். நெட்டைக் கட்டாமல், ஒரு குறுக்குச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நீளவாக்கில் கயிறு ஒன்றைக் கட்டுங்கள். தொய்வடையும் இடங்களில் உயரம் தாண்டும் ஸ்டாண்டு இரண்டைக் கொண்டு முட்டுக் கொடுங்கள். முறைப்படி நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1.4 மீட்டர் இருந்தாலே சரி. கயிற்றில் பழைய துணிக் கீற்றுகளை ஓரடிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டால், ஷட்டில் மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை பாதி குறையும்.

கயிற்றின் 12 மீட்டர் நீளத்தைச் சாக்பீஸால் இரண்டு இரண்டு மீட்டராகப் பிரித்தால் ஆறு பாத்திகள் கிடைக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் கயிற்றுக்கு இருபுறமும் ஒவ்வொருவர் ஆடுவார்கள். ஆக 12 பேர். அவர்களுக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, அதற்கும் சுவருக்கும் இடையில் பாத்திக்கு இரண்டு பேராக இன்னும் 12 பேர் உட்கார்வார்கள். மிச்சமுள்ள ஆறு மீட்டர் பகுதியில் கடைசி 12 பேர் கால் பயிற்சி செய்வார்கள். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று குழுக்களும் இடம் மாறினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பது நிமிடம் ஷட்டிலை அடிக்கக் கிடைக்கும். ராக்கெட் 12 இருந்தால் வேலை முடிந்தது. ஆளுக்கொரு ராக்கெட் வாங்கப் பணமில்லை என்று சொல்லும் தலைமையாசிரியரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

இடக்கைப் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும். கயிற்றைப் பார்த்து நிற்கும்போது அவர்களுக்கு வரிசையின் இடது கோடிப் பாத்தியைக் கொடுங்கள். நடுவில் நிறுத்தினால், இடப்பக்கம் நிற்கும் வலக்கைக்காரரின் ராக்கெட்டோடு அவர்களுடையது மோதும்.

முதல் வகுப்பு பிடிக்கு. 36 பேரும் மும்மூன்று பேராக ஒரு ராக்கெட்டைச் சுற்றி உட்காரலாம். இடக்கையால் ராக்கெட்டின் தண்டைப் பிடித்து, நரம்புத் தளம் சுவரைப் பார்க்கும்படி, அதாவது விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிறுத்தி, வலக்கையால் கைப்பிடியோடு கைகுலுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆங்கில வி போல ஓர் இடைவெளி விழும். இதுதான் அடிப்படைப் பிடி. புறங்கைப் பக்கம் வரும் ஷட்டிலுக்குக் கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலமான தட்டைப் பரப்பில் நீட்டி வைப்பது இரண்டாவது பிடி. கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. கட்டைவிரல் உட்கார வேண்டிய அகலப் பட்டையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டால், ஆயிரம் தடவை வாயால் சொல்வது மிச்சம்.

புதியவர்களில் பெரும்பாலோர் ராக்கெட்டைத் தோசைக்கரண்டி பிடிப்பதுபோலத் தளம் கூரையைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் அது வசதியாகத்தான் இருக்கும், ஷட்டிலும் படும். ஆனால் புறங்கைப் பக்கம் ஒன்று வந்ததும் முழங்கை தூக்கிக்கொண்டு உடம்பே கோணிப்போகும். அந்தக் கோணலைக் கண்டால் அடியைத் திருத்தாதீர்கள், பிடியைப் பாருங்கள். இன்னொரு கோளாறு இறுக்கிப் பிடிப்பது. எதிரே இருப்பவர் ராக்கெட்டின் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது கையிலிருந்து கொஞ்சம் நழுவ வேண்டும். நழுவாவிட்டால் பிடி இறுக்கம். அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும். இரண்டு பிடிகளுக்கும் இடையே மாறுவதை மற்றக் கையின் உதவியில்லாமல், விரல்களாலேயே உருட்டிச் செய்யப் பழக்குங்கள். பிறகு ஷட்டிலை மேல்நோக்கித் தட்டிக்கொண்டே, ஒரு தட்டு உள்ளங்கைப் பக்கம், ஒரு தட்டு புறங்கைப் பக்கம்.

ஷேடோ என்று கோர்ட்டில் சொல்லும் கால் பயிற்சியில் ஷட்டில் கிடையாது. இந்தக் கூடத்தில் ராக்கெட்டும் கிடையாது. கயிற்றுக்கு இருபுறமும் ஆறு ஆறு பேராக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு பக்கத்தார் தலைவர்கள், மறுபக்கத்தார் அவர்களின் கண்ணாடி. தலைவர் சும்மா நிற்கக் கூடாது. ஒரு சிறு துள்ளல் போட்டு, கால்களை அகட்டி, முன்பாதங்களில் இறங்க வேண்டும். அங்கிருந்து வலப்பக்க முன்மூலைக்கோ இடப்பக்க முன்மூலைக்கோ இரண்டே எட்டு. கடைசி எட்டு எப்போதும் ராக்கெட் பிடிக்கும் கையின் பக்கத்துக் கால்தான். இடப்பக்கம் போனாலும் வலக்கைக்காரருக்கு வலக்கால்தான் முன்னே வரும். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். முழங்கால், பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும். பிறகு அதே காலால் தரையைத் தள்ளிப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

மூலைக்குப் போவதை எல்லாரும் செய்துவிடுவார்கள், திரும்பி வருவதில்தான் குறை இருக்கும். பிள்ளை முன்னே பாய்ந்துவிட்டு அங்கேயே நின்று நிமிர்ந்து, நடந்து வருகிறாள் என்றால் எட்டு அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்று அர்த்தம். எட்டைக் குறைத்தால் தானாகத் திரும்புவாள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் உடனே நிறுத்துங்கள், அது மூட்டுக்குக் கேடு. 20 நொடி செய்து 20 நொடி ஓய்வு என்று ஆறேழு சுற்று வைத்தால், ஓய்வுகளில் தலைவரை மாற்றிக்கொள்ளலாம். வெறும் காலுறையோடு யாரையும் இறக்காதீர்கள், வழுக்கும். ஷூ இல்லாவிட்டால் வெறுங்கால் மேல்.

பாத்திகளில் இரண்டாம் வகுப்பில் ராலி ஆரம்பிக்க வேண்டாம். ஒருவர் ஷட்டிலைக் கார்க் முன்னே இருக்கும்படி பிடித்துக் கயிற்றுக்கு மேலாகக் கையால் எறிவார். எதிரில் இருப்பவர் ஓர் எட்டு முன்னே வைத்து மெல்லத் தள்ளித் திருப்புவார். பத்து எறிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் வேலை உண்டு. ஒருவர் எண்ணுவார், மற்றவர் கட்டைவிரல் கோட்டின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை ஆசிரியரைவிடக் கறாராகப் பார்க்கும். மூன்றாம் வகுப்பும் இதேதான், எறிவது புறங்கைப் பக்கமாக.

நான்காம் வகுப்பில் சர்வீஸ். புறங்கையால் போடும் குட்டை சர்வீஸ் ஒன்றே போதும். இறகு நுனியை இரண்டு விரலால் பிடித்து, ஷட்டிலை இடுப்புக்கு முன்னே நீட்டி, ராக்கெட்டை அதன் பின்னால் ஒட்டினாற்போல் வைத்து, கட்டைவிரலால் தள்ளுவது. வீச்சு வேண்டாம், ஷட்டிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அடிபடும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதி 2018இல் சர்வதேசப் போட்டிகளில் சோதனையாக வந்தது. 1.4 மீட்டர் உயரப் பிள்ளைக்கு அது தோள் மட்டம். ஆகவே கீழ் விலா எலும்புக்குக் கீழே என்ற பழைய அளவையே பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கயிற்றுக்கு 40 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கயிறு கட்டி, இரண்டுக்கும் நடுவே ஷட்டில் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் விளக்கமே தேவைப்படாது. கோர்ட்டில் குட்டை சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கிறது. பாத்தியிலும் இரண்டு மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டு, அதைத் தாண்டி மூன்று மீட்டர் கோட்டுக்குள் விழவேண்டும் என்று வையுங்கள். மேல் கயிற்றையும் தாண்டிப் பறந்தால் பிள்ளை முழங்கையை வீசுகிறது. கயிற்றுக்குக் கீழேயே போனால் பெரும்பாலும் ஷட்டிலை முன்கூட்டியே விட்டுவிடுகிறது. ராக்கெட் தொடும்வரை விரல்கள் பிடித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் சர்வீஸோடு ராலி சேரும். இங்கே எதிரி கிடையாது, இருவரும் ஒரே கட்சி. ஷட்டில் கீழே விழாமல் சேர்ந்து பத்து அடி அடிப்பதுதான் இலக்கு. ஆறில் நான்கு பாத்திகள் பத்தை எட்டிய பிறகே, ஆறாம் வகுப்பில் ஐந்து புள்ளிப் போட்டிக்குப் போகலாம். எட்டாவிட்டால் ஐந்தாம் வகுப்பையே திரும்ப நடத்துங்கள். தோளுக்கு மேலே ராக்கெட் எழுந்தால் புள்ளி எதிராளிக்கு. இந்த விதி பாதுகாப்புக்காக. பாட்மிண்டனில் அஞ்ச வேண்டிய காயம் கண்ணில் படுவதுதான். அதனால் யாரும் கயிற்றுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போகக் கூடாது. பக்கத்துப் பாத்திக்குப் போன ஷட்டிலை அந்தப் பாத்திக்காரர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஷட்டில் நைலானாகவே இருக்கட்டும், பாத்திக்கு இரண்டும் கைவசம் ஆறும் என்று 18 போதும். வெப்பமான காற்றில் ஷட்டில் வேகமாகப் பறக்கும் என்பதால் நம் ஊருக்கு மெதுவான பச்சைப் பட்டைதான் சரி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பாடத்திட்டத்தை இன்னும் விரித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு, உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு பள்ளிகளுக்கென்று உருவாக்கிய ‘ஷட்டில் டைம்’ திட்டத்தில் 22 பாடங்கள் உண்டு. அவற்றில் முதல் 10 தொடக்கநிலைக்கு.

ஆறு வகுப்பு முடிந்ததும் பிள்ளைக்குச் சரியான பிடி, ஒரு சர்வீஸ், நெட்டருகே பத்து அடி நிலைக்கும் ஆட்டம் ஆகியவை வந்திருக்கும். பின் கோர்ட்டு ஆட்டம் வந்திருக்காது. அதற்கு முழுக் கோர்ட்டுதான் வேண்டும், மேலே கற்க ஆசைப்படும் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கோடையில் கூடத்துக்கு வெள்ளையடிக்கும்போது, இரண்டு குறுக்குச் சுவர்களிலும் நடுவில் 1.4 மீட்டர் உயரத்தில் ஒன்றும், அதற்கு 40 சென்டிமீட்டர் மேலே ஒன்றுமாக இரும்புக் கொக்கிகளைப் பதித்துவிடச் சொல்லுங்கள்.